கோட்டை ஏன் பொம்மை மாதிரி தெரிகிறது? முற்றுகை டிரெய்லருக்கு ப்ராம்ப்ட் எழுதுவது பற்றி

கொத்தளம் | 4 அக்டோபர், இரவு 11.20

நானும் என் நண்பனும் சேர்ந்து ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறோம். மலைச்சரிவில் ஒரு கற்பனைக் கோட்டை, மூன்று பக்கமும் எதிரிப் படை, ஆடுபவர் உள்ளே இருந்துகொண்டு ஏழு இரவுகள் தாக்குப்பிடிக்க வேண்டும். கேம் ஓரளவு தயார். டிரெய்லரின் முதல் இருபது நொடிக்கு மட்டும், எழுதிக் கொடுத்தால் வீடியோ தரும் ஏஐ கருவி ஒன்றில் சில ஷாட் எடுத்துக்கொள்ளலாம் என்று மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவைக்கு எட்டு நொடி கிளிப் வரும். பதினான்கு தடவை எடுத்தாகிவிட்டது. எல்லாம் பளபளவென்று அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் கோட்டை மேசைமேல் வைத்த பொம்மைக் கோட்டை மாதிரியே தெரிகிறது. கடைசியாகக் கொடுத்த ப்ராம்ப்ட் இது:

```
Epic cinematic game trailer, massive fantasy fortress
under siege, thousands of soldiers, fire everywhere.
Sweeping camera flies from the battlefield over the
walls, through the gate and up to the throne tower.
Dramatic, shallow depth of field, ultra detailed, 8K
```

ஒரு கிளிப்பில் பாறை வந்து மதிலில் மோதுகிறது, கற்கள் பெயர்ந்து கீழே விழுகின்றன. பார்த்தால் யாரோ செங்கல் அடுக்கைக் கையால் தட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. எந்த வார்த்தை குறைகிறது என்று யாராவது சொல்லுங்கள்.

பத்துநொடி | 4 அக்டோபர், இரவு 11.52

massive என்று ஒரு தடவை போட்டால் போதாது. colossal, towering, gigantic மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். நான் அப்படித்தான் செய்வேன். அப்புறம் எடிட்டில் கிளிப்பைப் பாதி வேகத்துக்கு இறக்குங்கள், தானாக பிரம்மாண்டம் வந்துவிடும்.

ரெண்டர்ராணி | 5 அக்டோபர், காலை 7.15

எந்த எஞ்சின்? கேமராவின் எஃப்ஓவி எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? கோட்டை சின்னதாகத் தெரிந்தால் பெரும்பாலும் யூனிட் தப்பாக இருக்கும். மாடலை மீட்டரில் செய்து எஞ்சினுக்குள் சென்டிமீட்டராக எடுத்திருப்பீர்கள். எனக்கே ஒருமுறை கோயில் கோபுரம் தீப்பெட்டி அளவில் வந்து நின்றது. தூரத்தில் மூடுபனி போட்டீர்களா?

கொத்தளம் | 5 அக்டோபர், காலை 9.40

ராணி அக்கா, இது எஞ்சின் இல்லை. எழுத்தைக் கொடுத்தால் வீடியோ வருவது. யூனிட் என்று ஒன்று அதில் கிடையாது, அதுதான் சிக்கலே. ஆனால் மூடுபனி நான் எழுதவே இல்லை, அதைக் குறித்துக்கொண்டேன்.

பத்துநொடி, நீங்கள் சொன்ன மூன்று வார்த்தையையும் போட்டுப் பார்த்தேன். கோபுரங்கள் உயரமாயின, எண்ணிக்கையும் கூடியது. பொம்மைத்தனம் மட்டும் போகவில்லை. இன்னும் பெரிய பொம்மை, அவ்வளவுதான்.

ஜிம்மிஜிப் | 5 அக்டோபர், மாலை 6.30

தம்பி, வார்த்தை குறையவில்லை. நேரம் குறைகிறது.

நான் பல வருடம் கேமரா டிபார்ட்மெண்டில் இருந்தவன், கிரேனும் டிராலியும்தான் என் பிழைப்பு. மினியேச்சர் செட் போட்டு எடுத்த சில ஷாட்டுகளில் உதவியாளாக நின்றிருக்கிறேன். மூன்றடி மண் மதிலை நாற்பதடி மதிலாகக் காட்டுவதற்கு அங்கே செய்கிற முதல் காரியம் கேமராவை வேகமாக ஓட்டுவது. அதாவது ஒரு நொடியில் அதிக ஃபிரேம் எடுத்து, திரையில் மெதுவாகப் போடுவது. ஏனென்றால் நம் கண்ணுக்கு உயரத்தை அளக்கத் தெரியாது, விழுகிற நேரத்தை அளக்கத் தெரியும். மாடியிலிருந்து தேங்காய் விழுந்தால் எத்தனை மாடி என்று சத்தம் வரும் நேரத்தை வைத்தே சொல்லிவிடுகிறோம் அல்லவா, அதே கணக்கு.

மேலிருந்து விழும் எதுவும் முதல் நொடியில் சுமார் 5 மீட்டர் இறங்கும். இரண்டு நொடி ஆனால் 20 மீட்டர். மூன்று நொடி ஆனால் 44 மீட்டர். இதைப் படித்திருக்க வேண்டியதில்லை, பிறந்ததிலிருந்து பொருள்கள் விழுவதைப் பார்த்துப் பார்த்து எல்லோர் கண்ணிலும் இது பதிந்திருக்கிறது. உங்கள் கிளிப்பை எடுத்து, கல் மதில் உச்சியை விட்டுக் கிளம்பும் ஃபிரேமிலிருந்து தரையைத் தொடும் ஃபிரேம் வரை எண்ணிப் பாருங்கள். அப்புறம் உங்கள் கேமில் அந்த மதில் எத்தனை மீட்டர் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. அந்த shallow depth of field-ஐ முதலில் தூக்குங்கள். முன்னாலும் பின்னாலும் மங்கி, நடுவில் மட்டும் தெளிவாக இருப்பது பக்கத்தில் இருக்கும் சின்னப் பொருளை எடுக்கும்போது வருவது. முந்நூறு மீட்டர் தள்ளி இருக்கும் கோட்டையை எடுத்தால் எல்லாமே தெளிவாகத்தான் இருக்கும். நீங்களே கேட்டு வாங்கிய பொம்மை அது.

கொத்தளம் | 5 அக்டோபர், இரவு 10.05

எண்ணினேன். 19 ஃபிரேம். கிளிப் நொடிக்கு 24 ஃபிரேம், ஆக 0.79 நொடி. கணக்குப் போட்டால் கல் விழுந்த உயரம் 3.1 மீட்டர். கேமில் எங்கள் மதில் 20 மீட்டர்.

மூன்று மீட்டர் என்றால் எங்கள் தெருக்கோடி வீட்டுக் காம்பவுண்டுச் சுவரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். மூன்று நாளாக நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தச் சுவரைத்தான். இதைக் கண்டுபிடித்ததும் மற்ற கிளிப்புகளையும் எண்ணினேன். கல் விழுவது ஐந்து கிளிப்பில் இருக்கிறது, ஐந்துமே ஒரு நொடிக்குள்.

பத்துநொடி | 5 அக்டோபர், இரவு 10.30

அப்படியென்றால் நான் சொன்னதுதானே சரி? பாதி வேகத்துக்கு இறக்கச் சொன்னேனே.

ஜிம்மிஜிப் | 6 அக்டோபர், காலை 8.10

திசை சரி, அளவு சரியில்லை. மினியேச்சரில் நாங்கள் வைத்திருந்த கணக்கு இது: நிஜ அளவு பொம்மையைப் போல எத்தனை மடங்கோ, அதன் வர்க்கமூலம் எவ்வளவோ அத்தனை மடங்கு நேரத்தை இழுக்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு மாடல் என்றால் நான்கு மடங்கு. இங்கே 20-க்கு 3.1, ஏறத்தாழ ஆறரை மடங்கு, அதன் வர்க்கமூலம் இரண்டரை. அதாவது கிளிப்பை 40 சதவீத வேகத்துக்கு இறக்கினால் கல் இரண்டு நொடியில் விழும், கண்ணுக்கு 20 மீட்டர் மதில் கிடைக்கும்.

ஆனால் இதில் இரண்டு வம்பு இருக்கிறது. மினியேச்சரில் நாங்கள் எடுக்கும்போதே கூடுதல் ஃபிரேம் எடுத்துவிடுவோம். உங்களிடம் இருப்பது நொடிக்கு 24 மட்டும். அதை 40 சதவீதத்துக்கு இழுத்தால் நொடிக்குப் பத்து நிஜ ஃபிரேம்கூட இருக்காது. நடுவில் உள்ளதை எடிட்டிங் மென்பொருள் ஊகித்து நிரப்பும். சுவர், மலை மாதிரி அசையாத பொருளுக்கு அது பரவாயில்லை, சிதறும் கல்லையும் புகையையும் பிசைந்த களிமண் மாதிரி ஆக்கிவிடும். இரண்டாவது வம்பு மனிதர்கள். அந்தக் கிளிப்பில் யாராவது ஓடுகிறார்களா? கல் சரியான வேகத்துக்கு வரும்போது அவர்கள் தண்ணீருக்குள் ஓடுவது மாதிரி ஆகிவிடுவார்கள். ஆகவே ஆளில்லாத ஷாட்டுக்கு மட்டும் இந்த வைத்தியம்.

பத்துநொடி | 6 அக்டோபர், காலை 8.45

ஆள் ஓடுவதை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். நான் எப்போதும் நிலக்காட்சிக்குத்தான் இதைச் செய்திருக்கிறேன், மேகமும் அருவியும். அதனால் பிடிபடவில்லை போல.

கொத்தளம் | 6 அக்டோபர், மதியம் 1.20

சாப்பாட்டு இடைவேளையில் கேமரா பாதையையும் கணக்குப் போட்டேன். நான் எழுதியது என்ன? போர்க்களத்திலிருந்து கிளம்பி, மதிலைத் தாண்டி, வாசல் வழியாக நுழைந்து, அரியணைக் கோபுரம் வரை. கேமின் வரைபடத்தில் அளந்தால் இது 600 மீட்டர். எட்டு நொடியில் 600 மீட்டர் என்றால் மணிக்கு 270 கிலோமீட்டர். சாதாரணக் கேமரா ட்ரோன் நொடிக்கு 15 மீட்டர் போகும், எட்டு நொடியில் 120 மீட்டர். நம் கண் ட்ரோன் ஷாட்டுக்குப் பழகியது. அந்த வேகத்துக்கு ஒரு கோட்டை முழுவதும் கடந்து போகிறதென்றால், கோட்டைதான் சின்னது என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. கல் விழுந்த கதையேதான்.

அதோடு, மதிலைத் தாண்டிப் போ என்றும் வாசல் வழியாக நுழை என்றும் ஒரே வாக்கியத்தில் எழுதியிருக்கிறேன். தாண்டிய பிறகு எதற்கு வாசல்? இதைப் பதினான்கு தடவை படித்தும் கவனிக்கவில்லை. கருவி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகக் குழம்பியது இதனால்தான்.

ஜிம்மிஜிப் | 6 அக்டோபர், மாலை 5.50

ஒரு ஷாட்டுக்கு ஒரு அசைவு. படப்பிடிப்பிலும் அதுதான், இங்கேயும் அதுதான் இருக்க வேண்டும். கிரேன் ஏறட்டும், அல்லது டிராலி போகட்டும், அல்லது பேன் பண்ணட்டும். மூன்றையும் எட்டு நொடியில் கேட்டால் மூன்றும் அரைகுறையாக வரும். sweeping என்ற சொல்லுக்கு எந்தத் திசையும் இல்லை, எவ்வளவு தூரம் என்றும் இல்லை. ஒரு உதவியாளரிடம் போய் 'ஸ்வீப்பிங்கா ஒண்ணு எடு' என்றால் அவர் டிராக் எங்கே போடுவார்?

பெருசாகத் தெரிய வேண்டுமானால் கேமரா கொஞ்ச தூரம்தான் நகர வேண்டும், ஆனால் லென்ஸுக்குப் பக்கத்தில் ஏதாவது கடந்து போக வேண்டும். மதில் மேல் ஒரு கிழிந்த கொடி, அதைத் தாண்டிக் கேமரா எழும்புகிறது என்று வையுங்கள். கொடி சட்டென்று கீழே போய்விடும், நடுவில் இருக்கும் மதில் கொஞ்சம் இறங்கும், தூரத்து மலை அசையவே அசையாது. இந்த மூன்று வேகத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் தூரத்தைச் சொல்கிறது. கிரேன் பத்து பதினைந்து மீட்டர் ஏறினாலே போதும்.

செஞ்சிக்காரன் | 6 அக்டோபர், இரவு 9.15

எனக்கு ஏஐ எதுவும் தெரியாது. செஞ்சிக்கோட்டை பார்த்து வளர்ந்தவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். ராஜகிரி சுமார் 240 மீட்டர் உயரம். திருவண்ணாமலை ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களைப் பாருங்கள், ஏதோ பாறைக்குவியல் என்று நினைத்துக்கொண்டு போனைப் பார்க்கத் திரும்பிவிடுவார்கள். படிக்கட்டில் ஒரு ஆள் ஏறுவது கண்ணில் பட்டால்தான் ஆளே அசந்துபோவார்கள். சின்ன வயதில் என் மாமாவோடு அடிவாரத்தில் நின்றபோது, மேலே ஒரு சிவப்புப் புள்ளி நகர்ந்தது. பூச்சி என்று நினைத்தேன். 'அது சேலைடா, யாரோ அம்மா ஏறுறாங்க' என்றார். அந்த நொடியில் மலை சட்டென்று பத்து மடங்கு பெருசானது, இன்னும் உடம்பில் இருக்கிறது அது.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு ஆழமான பாறைப் பிளவு உண்டு, அதன்மேல் பாலம். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போக வழியில்லை. முகலாயப் படை 1690-இலிருந்து 1698 வரை இந்தக் கோட்டையைப் பிடிக்கக் கிடந்தது. எட்டு வருடம்! தம்பியின் ஏழு இரவு எனக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் படுகிறது.

கொத்தளம் | 6 அக்டோபர், இரவு 9.50

அந்தச் சிவப்புப் புள்ளியை எடுத்துக்கொள்கிறேன் அண்ணா. எங்கள் கதையில் மதில் மேல் சேதி கொண்டு ஓடும் ஒரு பெண் வருகிறாள், அவளுக்குச் சிவப்புத் துணி கொடுத்தால் ஷாட்டுக்கு அளவுகோல் கிடைத்துவிடும்.

நொச்சிவேலி | 7 அக்டோபர், காலை 6.40

நான் தமிழ் சொல்லிக்கொடுப்பவள், கேம் ஆடுவது என் மகள். அவள் காட்டித்தான் படித்தேன். நீங்கள் எல்லோரும் அளவைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு எழுந்த கேள்வி வேறு. கேமரா எந்தக் கட்சி? கோட்டையை வளைப்பவன் கதைக்கு உழிஞை என்றும், உள்ளிருந்து காப்பவன் கதைக்கு நொச்சி என்றும் நம்மிடம் தனித்தனிப் பெயர் இருக்கிறது. சூடும் பூவே வேறு. ஒரே மதில்தான், ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அது ஏறவேண்டிய உயரம், உள்ளிருந்து பார்ப்பவனுக்கு அது பிள்ளைகளுக்கும் சாவுக்கும் நடுவே இருக்கும் கல். உங்கள் ப்ராம்ப்டில் கேமரா போர்க்களத்தில் கிளம்பி அரியணைக்குப் போகிறது. அது படையெடுத்து வருபவனின் பாதை. உங்கள் கேமில் ஆடுபவரோ உள்ளே இருப்பவர்.

கொத்தளம் | 7 அக்டோபர், காலை 7.05

டீச்சர், இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்யவில்லை. நீங்கள் சொன்னது மிகச் சரி. எல்லா ஷாட்டையும் மதில் மேலிருந்து வெளியே பார்க்கிற மாதிரி மாற்றுகிறேன்.

ஜிம்மிஜிப் | 7 அக்டோபர், காலை 11.30

அம்மா சொன்னதில் எங்கள் தொழில் விஷயம் ஒன்றும் இருக்கிறது. படை எப்போதும் திரையின் வலப்பக்கத்திலிருந்து வருகிறது என்று வைத்தால், கடைசி ஷாட் வரை வலப்பக்கத்திலிருந்தே வர வேண்டும். நடுவில் ஒரு கிளிப்பில் இடமிருந்து வந்தால், பார்ப்பவருக்கு அது உதவிக்கு வந்த படை மாதிரி தோன்றும். கருவிக்கு முந்தின கிளிப் நினைவில் இருக்காது, ஆகவே ஒவ்வொரு ப்ராம்ப்டிலும் மறக்காமல் எழுதுங்கள்.

ரெண்டர்ராணி | 7 அக்டோபர், மதியம் 2.00

கேள்வியை இப்போதுதான் சரியாகப் புரிந்துகொண்டேன், முன்னே அவசரத்தில் எழுதிவிட்டேன். ஆனால் என் வழியையும் விடப்போவதில்லை. எழுத்து மட்டும் கொடுக்காமல் முதல் ஃபிரேமைப் படமாகக் கொடுக்க உங்கள் கருவியில் வசதி இருக்கிறதா? இருந்தால் பிளெண்டரில் சாம்பல் நிறப் பெட்டிகளை வைத்து மதிலையும் கோபுரத்தையும் நிஜ மீட்டர் கணக்கில் அடுக்குங்கள். 1.7 மீட்டர் உயரத்தில் பத்து ஆள் பொம்மைகளை மதில் மேல் நிறுத்துங்கள். கேமராவை வைத்து ஒரு ஸ்டில் எடுங்கள். அதன்மேல் வண்ணம் தீட்டி, அதை முதல் ஃபிரேமாகக் கொடுங்கள். அளவு எழுத்தில் இல்லாமல் படத்திலேயே உட்கார்ந்துவிடும். எத்தனை கோபுரம் என்று கருவி இஷ்டத்துக்கு முடிவு செய்யாது.

கொத்தளம் | 8 அக்டோபர், இரவு 12.40

மதியத்திலிருந்து இதே வேலை. அக்கா சொன்ன மாதிரி பெட்டிக் கோட்டை கட்டி, அதன்மேல் என் நண்பன் தீட்டிய ஸ்டில்லை முதல் ஃபிரேமாகக் கொடுத்தேன். ப்ராம்ப்ட் இப்போது இப்படி:

```
Dusk. Slow crane shot: camera rises about 15 meters
beside a torn banner, no pan, no zoom. Near: five
defenders on the wall in silhouette, backs to us.
Middle: the wall runs right, people on it tiny, one
runner in red. Far right: enemy camp, only points of
torchlight in haze. Wide lens, deep focus. A boulder
strikes the far tower; heavy stones fall slowly,
dust hangs in the air.
```

ஆறு தடவை எடுத்தேன். இரண்டு தேறியது. அதில் ஒன்றில் கல் விழ 45 ஃபிரேம், ஏறத்தாழ 1.9 நொடி, 17 மீட்டர். எங்கள் மதிலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. முதலில் 'stones take two seconds to fall' என்று எண் போட்டுத்தான் எழுதினேன், மூன்று தடவையும் அதைக் காதில் வாங்கவில்லை. heavy, slowly, dust hangs என்று எழுதியபோதுதான் மாறியது. கருவி மணி பார்ப்பதில்லை, கனமான பொருள் விழும் காட்சிகளை எங்கேயோ பார்த்து வைத்திருக்கிறது, அந்த ஞாபகத்தைக் கிளப்பும் சொல்தான் வேலை செய்கிறது என்று என் ஊகம்.

படையைத் தீப்பந்தப் புள்ளிகளாக வைத்தது நல்லதாகப் போயிற்று. thousands of soldiers என்று கேட்டபோதெல்லாம் நடுத்தர தூரத்தில் இரண்டு பேர் ஒட்டி ஒரே ஆளாவதும், ஈட்டி கையை விட்டு மிதப்பதுமாக இருந்தது. புள்ளிகளில் அந்தத் தவறுக்கே இடமில்லை, கூட்டமோ முன்னைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

தேறாத நான்கில் என்ன பிழை என்றால், முதல் ஃபிரேமையும் கடைசி ஃபிரேமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோபுரத்தை எண்ணிப் பாருங்கள். ஐந்தாக ஆரம்பித்து ஆறாக முடிகிறது. ஓடவிட்டுப் பார்த்தால் தெரியவே தெரியாது, ஏதோ சரியில்லை என்று மட்டும் உறுத்தும். கேமரா ஏறும்போது கொடிக்குப் பின்னால் மறைந்திருந்த இடம் வெளியே வருகிறது, அங்கே கருவி தன் பங்குக்கு ஒரு கோபுரம் கட்டிவிடுகிறது.

பத்துநொடி | 8 அக்டோபர், காலை 9.00

கடைசி ஃபிரேமையும் கொடுக்கும் வசதி சில கருவிகளில் உண்டு. இரண்டு முனையும் கட்டிவிட்டால் நடுவில் கோபுரம் முளைக்காது. அந்தப் பிளெண்டர் கோட்டையிலேயே கேமராவை 15 மீட்டர் ஏற்றி இன்னொரு ஸ்டில் எடுத்துவிடுங்கள்.

கொத்தளம் | 8 அக்டோபர், இரவு 8.30

கொடுத்தேன், கோபுரம் ஐந்தே நின்றது. நன்றி நண்பரே. ஒரே ஒரு குறை, கேமரா முதல் ஏழு நொடி சோம்பேறித்தனமாக ஏறி, கடைசி ஒரு நொடியில் அவசரமாக அந்த ஃபிரேமைப் போய்ப் பிடிக்கிறது. அந்த நொடியை எடிட்டில் வெட்டிவிட்டேன்.

ஜிம்மிஜிப் | 9 அக்டோபர், காலை 10.20

நேற்று இரவு உங்கள் கிளிப்பை மறுபடி பார்த்தேன். ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். கல் விழும் நேரம் மட்டும் சரியானால் போதும் என்கிற மாதிரி எழுதிவிட்டேன், அது போதாது. கோபுரத்தின் மேல் எரியும் தீயைப் பாருங்கள். கிளிப்பில் அது விளக்குத் திரி மாதிரி படபடவென்று துடிக்கிறது. பெரிய தீ அப்படித் துடிக்காது, மெதுவாகப் புரண்டு புரண்டு எழும். மினியேச்சரில் எங்களைக் கடைசி வரை பாடாய்ப் படுத்தியது நெருப்பும் தண்ணீரும்தான். மண்ணையும் மரத்தையும் சின்னதாகச் செய்யலாம், ஒரு துளித் தண்ணீரைச் சின்னத் துளியாகச் செய்ய முடியாது. அதனால் நெருப்பை மறைத்துப் புகையை மட்டும் காட்டுவோம். நீங்களும் நெருப்பை மதிலுக்குப் பின்னால் வையுங்கள், மேலே அந்த வெளிச்சம் மட்டும் புகையில் விழட்டும்.

இன்னொன்று, பாறை எறிகிற பொறியைக் காட்டப் போகிறீர்களா?

கொத்தளம் | 9 அக்டோபர், மதியம் 12.10

ஆமாம். பொறி எறிய, பாறை பறந்து வந்து கோபுரத்தில் மோதுவது வரை ஒரே ஷாட்டாக வேண்டும் என்று நண்பனுக்கு ஆசை.

ஜிம்மிஜிப் | 9 அக்டோபர், மதியம் 12.45

ஒரே ஷாட்டில் வராது, கணக்கைப் பாருங்கள். இங்கிலாந்தில் வார்விக் கோட்டையில் 18 மீட்டர் உயரத்தில் ஒரு ட்ரெபுஷே பொறியைப் புதிதாகச் செய்து வைத்தார்கள், கல்லை 300 மீட்டர் வரை எறியக்கூடியது. அவ்வளவு தூரம் போகும் கல் சுமார் ஏழெட்டு நொடி காற்றில் இருக்கும். உங்கள் கிளிப்பே எட்டு நொடிதான். பொறியின் கை சுழலவும், கல் மோதவும், சிதறல் விழவும் நேரம் எங்கே இருக்கிறது? கருவியிடம் கேட்டால் கல்லை இரண்டு நொடியில் கொண்டுவந்து சேர்க்கும், மைதானம் சுருங்கிவிடும், மறுபடி பொம்மை.

எறிவதை ஒரு ஷாட், மோதுவதை ஒரு ஷாட். நடுவில் மதில் மேல் நிற்பவர்களின் முகம். மேலே பார்க்கிறார்கள், தலை மெதுவாகத் திரும்புகிறது. கல்லைக் காட்டவே வேண்டாம்.

நொச்சிவேலி | 9 அக்டோபர், மாலை 4.30

அந்த முகம்தான் நொச்சி. அதை மூன்று நொடி விடுங்கள், தயவுசெய்து குறைக்காதீர்கள்.

ரெண்டர்ராணி | 10 அக்டோபர், காலை 8.00

அகலத் திரை வடிவத்துக்கு வெட்டப் போகிறீர்களா? 1920-க்கு 1080 கிளிப்பை 2.39 விகிதத்துக்கு வெட்டினால் உயரம் 804-க்கு வந்துவிடும். மேலும் கீழும் சேர்த்து 276 வரி போகும். கிரேன் ஷாட்டில் கோபுர உச்சி அங்கேதான் இருக்கும். முதல் ஃபிரேம் தீட்டும்போதே இரண்டு கோடு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் உங்கள் நண்பரிடம்.

அப்புறம் எனக்கு உறுத்துகிற ஒன்று. உங்கள் கேம் மேலிருந்து பார்க்கும் சின்னச் சின்னக் கட்டங்கள் கொண்டது என்று வேறொரு இழையில் படம் போட்டிருந்தீர்கள். டிரெய்லரில் இந்தக் கோட்டையைக் காட்டிவிட்டு, வாங்குகிறவருக்குக் கட்டங்களைக் கொடுப்பது நியாயமா? எனக்கு ஒருமுறை அப்படி ஏமாந்த அனுபவம் உண்டு, அதன் பிறகு அந்த ஸ்டூடியோவின் எதையும் நான் வாங்கவில்லை.

பத்துநொடி | 10 அக்டோபர், காலை 8.25

அந்தக் காலத்தில் கேம் அட்டைப்பெட்டி மேலே தீட்டிய ஓவியமும் அப்படித்தானே இருந்தது? உள்ளே நான்கு புள்ளி, வெளியே வாளேந்திய வீரன். யாரும் ஏமாந்ததாக நினைக்கவில்லை.

ரெண்டர்ராணி | 10 அக்டோபர், காலை 8.40

ஓவியம் ஓவியம் என்று பார்த்ததுமே தெரியும். இது ஓடுகிற படம், கேமில் எடுத்தது என்றே நினைப்பார்கள். ஸ்டீமில் 2024 ஜனவரியிலிருந்து ஏஐ பயன்படுத்தியதைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள், அதைச் சொல்லிவிடலாம். நான் கேட்பது அந்தப் படிவத்தைப் பற்றி அல்ல.

கொத்தளம் | 10 அக்டோபர், இரவு 11.15

அக்கா, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இருபது நொடியை ஒன்பது நொடியாகக் குறைக்கிறேன், அதன் முடிவில் அதே மதிலை அதே கோணத்தில் வைத்துக் கேமின் நிஜக் காட்சிக்கு மாறுகிறேன், அங்கிருந்து ஒரு நிமிடம் கேம் மட்டும்தான். ஓடுகிற சிவப்புப் பெண் கேமில் ஒரு சிவப்புக் கட்டமாக இருப்பாள், அவளை வைத்தே மாற்றம் நடக்கும். நண்பன் இதையும் வேண்டாம் என்கிறான், முழுக்க கேம் காட்சியே போடலாம் என்கிறான். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நெருப்பை மதிலுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். முகம் திரும்பும் ஷாட்டுக்குப் பதினொரு தடவை ஆயிற்று. பத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினார்கள், அணிவகுப்பு மாதிரி. பதினொன்றாவதில் ஒரு கிழவர் மட்டும் அரை நொடி தாமதமாகத் திரும்புகிறார், பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடித்துக்கொண்டு. டீச்சர் கேட்ட மூன்று நொடியையும் வைத்திருக்கிறேன்.

செஞ்சிக்காரன் | 11 அக்டோபர், காலை 6.10

சிவப்புப் பெண்ணை மதிலில் எந்தப் பக்கம் ஓட விடுகிறாய்? மலைக்கோட்டையில் காற்று எப்போதும் ஒரு பக்கமாக அடிக்கும், துணியும் கொடியும் புகையும் ஒரே திசையில் பறக்க வேண்டும். நேற்றுப் போட்ட கிளிப்பில் கொடி இடப்பக்கம், புகை வலப்பக்கம்.

கொத்தளம் | 11 அக்டோபர், காலை 7.30

ஐயோ, ஆமாம். மறுபடி எடுக்கிறேன்.